மூன்று கம்பிகள், மூன்று வரிசைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சமச்சீர் கூறுகள். ஒரு மும்முனை லைனில் மூன்று கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டம் ஏறுக்குமாறாக இருக்கிறது. அதை நேர்வரிசை, எதிர்வரிசை, சுழிவரிசை என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறை இது. கல்லூரியில் இதைச் சமன்பாடாகப் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறோம். ஆனால் எரிந்துபோன மோட்டாரிலும், நியூட்ரல் அறுந்த தெருவிலும், தவறாக இணைத்த ரிலேயிலும் இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியும் தடயங்களை விட்டுச் செல்கின்றன. அந்தத் தடயங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு தெருவின் டிரான்ஸ்பார்மரில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கிறீர்கள். ஆர் பேஸில் 60 ஆம்பியர், ஒய் பேஸில் 30, பி பேஸில் 30. இதில் கோளாறு என்ன? “ஆர் பேஸில் லோடு அதிகம்” என்பீர்கள். சரிதான். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது? எவ்வளவு 11 கேவி பக்கம் போகிறது? எவ்வளவு ஒரு மோட்டாரைச் சுடவைக்கும் வகையைச் சேர்ந்தது? மீட்டர் காட்டும் மூன்று எண்களை அப்படியே வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ஏற்றத்தாழ்வு என்பது ஒரே நோய் அல்ல. அது இரண்டு நோய். இரண்டுக்கும் பாதை வேறு, விளைவு வேறு, மருந்தும் வேறு.

இதைப் பிரித்துக் காட்டியவர் சார்லஸ் ஃபோர்ட்டெஸ்க்யூ. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் பிறந்து, அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1913-இல் ஏற்றத்தாழ்வான மின்சாரத்தில் இண்டக்‌ஷன் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடத் தொடங்கினார். போடப் போட ஒன்று தெரிந்தது: விடைகள் எல்லாம் தாமாகவே சமச்சீரான பகுதிகளாகப் பிரிந்து நின்றன. அந்த வேலை 1918-இல், நூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட கட்டுரையாக அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. மோட்டாரில் பிறந்த கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நாமும் மோட்டாருக்குத்தான் வந்து சேரப்போகிறோம்.

அவர் சொன்னது இதுதான். எந்த மூன்று மின்னோட்டங்களை எடுத்தாலும் அவற்றை மூன்று ஒழுங்கான தொகுதிகளின் கூட்டாக எழுதலாம். நேர்வரிசையில் மூன்று பேஸும் சம அளவு. ஆர் போனதும் 120 பாகை கழித்து ஒய், அதன்பின் 120 பாகை கழித்து பி. எதிர்வரிசையிலும் மூன்றும் சம அளவுதான். ஆனால் முறை மாறியது. ஆர், பி, ஒய் என்று வரும். சுழிவரிசையில் மூன்றும் சம அளவு, மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். இடையில் கோணமே கிடையாது.

சரி, எப்படிப் பிரிப்பது? கரும்பலகையில் மூன்றே வரிகள் எழுதுகிறேன்.

I0 = (IR + IY + IB) / 3
I1 = (IR + a·IY + a²·IB) / 3
I2 = (IR + a²·IY + a·IB) / 3

இந்த `a` என்ற எழுத்தைக் கண்டு யாரும் தயங்க வேண்டாம். மின்னோட்டத்தை ஓர் அம்பாக வரைகிறோம். நீளம் ஆம்பியரைக் காட்டும், திசை கோணத்தைக் காட்டும். `a` என்றால் அம்பின் நீளத்தைத் தொடாமல் 120 பாகை முன்னே திருப்பு. `a²` என்றால் 240 பாகை திருப்பு. அவ்வளவே.

ஏன் திருப்ப வேண்டும்? இதுதான் முறையின் உயிர். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இரண்டாவது வரியைப் பாருங்கள். நேர்வரிசையில் ஒய் 120 பாகை பின்னால் இருக்கிறது. அதை 120 முன்னே திருப்பினால் ஆர் மேல் வந்து விழுகிறது. பி 240 பின்னால். அதை 240 திருப்பினால் அதுவும் ஆர் மேல் விழுகிறது. மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்து மூன்று மடங்காகின்றன. மூன்றால் வகுத்தால் ஒரு பங்கு கையில் கிடைக்கிறது. அதே திருப்பலில் எதிர்வரிசை என்ன ஆகிறது? ஒய் 120 முன்னால் இருந்தது, இன்னும் 120 திருப்பியதில் 240-க்குப் போகிறது. பி 240-இல் இருந்தது, 480-க்கு, அதாவது மறுபடி 120-க்கு வருகிறது. மூன்றும் மூன்று பக்கம் நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுழிவரிசை? ஒரே திசையில் நின்றவற்றை நாமே 120, 240 என்று விரித்துவிட்டோம், அதுவும் அழிகிறது. வேண்டியது நிற்கிறது, வேண்டாதவை இரண்டும் மறைகின்றன. மற்ற இரண்டு வரிகளும் இதே வேலையைத் தத்தம் வரிசைக்குச் செய்கின்றன.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஆர் 60, கோணம் சுழி. ஒய் 30, 120 பாகை பின்னே. பி 30, 120 பாகை முன்னே. எல்லா வீட்டிலும் ஒரே பவர் ஃபாக்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுழிவரிசையை எடுப்போம். திருப்பாமல் அப்படியே கூட்ட வேண்டும். ஒய்யும் பியும் சேர்ந்து ஆருக்கு நேர் எதிரே 30 ஆகின்றன. 60-இல் 30 போனால் 30. மூன்றால் வகுத்தால் 10. நேர்வரிசைக்கு இரண்டையும் திருப்பினால் மூன்றும் ஒரே கோட்டில்: 60, 30, 30. மொத்தம் 120, மூன்றால் வகுத்தால் 40. எதிர்வரிசைக்கு ஒய்யை 240 திருப்பினால் பி நின்ற இடத்துக்கு வருகிறது. பியை 120 திருப்பினால் ஒய் நின்ற இடத்துக்குப் போகிறது. மறுபடியும் ஆருக்கு எதிரே 30. மிச்சம் 30, வகுத்தால் 10.

ஆக, நேர்வரிசை 40, எதிர்வரிசை 10, சுழிவரிசை 10. சரி பார்ப்போமா? ஆர் பேஸில் 40, 10, 10 மூன்றும் ஒரே திசை; கூட்டினால் 60. ஒய் பேஸில்? சுழிவரிசையின் 10 சுழிக் கோணத்தில், எதிர்வரிசையின் 10 முன்னே 120-இல். இரண்டும் சேர்ந்தால் முன்னே 60-இல் ஒரு 10. அது பின்னே 120-இல் நிற்கும் நேர்வரிசையின் 40-க்கு நேர் எதிர். 40-இல் 10 போனால் 30. மீட்டர் காட்டிய அதே 30. இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கம்பிகளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60, 30, 30 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 5400. 40, 10, 10 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: அதே 5400. மூன்று வரிசைகளும் தனித்தனியே வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஒன்றின் கணக்கில் இன்னொன்று தலையிடுவதில்லை.

பிரித்தாயிற்று. பிரித்ததால் என்ன தெரிந்தது?

சுழிவரிசையைக் கவனியுங்கள். மூன்று பேஸிலும் தலைக்குப் பத்து, ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகிறது. போனது திரும்ப வேண்டுமே, எந்த வழியில் திரும்பும்? மூன்று பேஸும் ஒரே பக்கம் தள்ளும்போது அவற்றில் எதுவும் திரும்பும் வழி ஆகாது. நான்காவது கம்பிதான் வழி. நியூட்ரலில் மூன்று பத்து, 30 ஆம்பியர். நேர்வரிசையும் எதிர்வரிசையும் நியூட்ரலுக்கு ஒரு துளியும் அனுப்புவதில்லை.

அந்த நியூட்ரல் அறுந்தால்? சுழிவரிசை ஓட்டத்துக்கு வழி அடைபட்டது. ஆனால் அதைத் தள்ளிய ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது. ஓட்டமாகப் போக முடியாதது வோல்டேஜாக நிற்கிறது. எல்லாம் 230 வோல்ட்டில் ஹீட்டர் போன்ற லோடு என்று வைத்துக் கணக்கிட்டால், வீடுகளின் நியூட்ரல் முனை சுமார் 57 வோல்ட் நகர்ந்துவிடுகிறது. லோடு அதிகமுள்ள ஆர் பேஸ் வீடுகளில் வோல்டேஜ் 172-க்கு இறங்கி விளக்கு மங்குகிறது. ஒய், பி பேஸ் வீடுகளிலோ 263-க்கு ஏறுகிறது. டிவி போகிறது, பிரிட்ஜ் போகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் விளக்கு மங்கி, அடுத்த வீட்டில் விளக்கு பளீரென்று எரிந்து புகைகிறதா? பேஸ் கம்பியைத் தேடாதீர்கள். நியூட்ரலைத் தேடுங்கள்.

இதே 10 ஆம்பியர் சுழிவரிசை 11 கேவி பக்கம் போகிறதா? போகாது. நம் விநியோக டிரான்ஸ்பார்மரில் மேல்பக்கச் சுற்று டெல்டா. சுழிவரிசை அந்த டெல்டாவுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். வெளியே லைனுக்கு வராது. நேர்வரிசையும் எதிர்வரிசையும் மட்டும் மேலே ஏறும். நம் 60, 30, 30 என்ற லோடு 11 கேவி லைனில் ஏறக்குறைய 1.8, 1.2, 1.8 ஆம்பியராகத் தெரியும். கீழே ஒரு பேஸில்தான் கூடுதல் சுமை. மேலே இரண்டு கம்பிகளில் கூடுதல் சுமை. மேலே நின்று பார்ப்பவர் கீழே எந்த பேஸ் என்று மீட்டரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இனி எதிர்வரிசை. நண்பர்களே, மோட்டாரின் எமன் இதுதான்.

பம்ப்செட் மோட்டாருக்கு மூன்று கம்பிதான், நியூட்ரல் இல்லை. ஆகவே சுழிவரிசை ஓட்டம் அங்கே இருக்க வழியில்லை. இருப்பது இரண்டு. நேர்வரிசை ஸ்டேட்டரில் ஒரு காந்தப்புலத்தைச் சுழற்றுகிறது. ரோட்டர் அதைத் தொடர்ந்து ஓடுகிறது. எதிர்வரிசை இன்னொரு காந்தப்புலத்தை எதிர்ப்பக்கம் சுழற்றுகிறது. ஒரே செக்கில் ஒரு மாட்டை வலமாகவும் இன்னொரு மாட்டை இடமாகவும் பூட்டினால் எப்படியோ அப்படி. செக்கு வலமாகத்தான் சுற்றும். ஆனால் வலமாகப் போகும் மாடு எதிர்மாட்டையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். இதைவிட ரோட்டருக்குள் நடப்பது மோசம். 4 சதவீத ஸ்லிப்பில் ஓடும் ரோட்டரில் நேர்வரிசை உண்டாக்கும் மின்னோட்டம் 2 ஹெர்ட்ஸ். எதிர்வரிசைப் புலத்தை ரோட்டர் எதிர்கொண்டு ஓடுவதால் அது உண்டாக்குவது 98 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் ரோட்டர் பாரின் மேல்விளிம்பில் மட்டும் நெருக்கியடித்து ஓடிச் சூட்டைக் கூட்டுகிறது.

ஒரு பேஸ் அறுந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முழு லோடில் 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர் பேஸ் பியூஸ் போகிறது. பம்ப் அதே தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதால் மற்ற இரண்டு கம்பிகளில் ஓட்டம் ஏறக்குறைய 17.3 ஆம்பியராக ஏறுகிறது. ஒய்யில் போவது பியில் திரும்புகிறது. இரண்டும் நேர் எதிர். கரும்பலகையின் மூன்று வரிகளில் இதைப் போடுங்கள். சுழிவரிசை: கூட்டினால் ஒன்றுமில்லை. நேர்வரிசை: 10 ஆம்பியர். எதிர்வரிசை: அதுவும் 10 ஆம்பியர், ஆர் பேஸில் நேர்வரிசைக்கு நேர் எதிராக.

இதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பியூஸ் போவதற்கு முன் இருந்த 10 ஆம்பியர் நேர்வரிசை அப்படியே இருக்கிறது. வேலை செய்வது அதுதான். அதோடு புதிதாக ஒரு 10 ஆம்பியர் எதிர்வரிசை வந்து சேர்ந்திருக்கிறது. அறுந்த கம்பியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகின்றன. மற்ற இரண்டில் சேர்ந்து 17.3 ஆகின்றன. ஸ்டார் இணைப்பு மோட்டாரானால் இரண்டு பேஸ் காயில்களில் வெப்பம் மும்மடங்கு. மூன்றாவது காயில் சும்மா இருக்கிறது. டெல்டா மோட்டாரானால் ஒரு காயிலில் ஓட்டம் இரட்டிப்பு, அதாவது வெப்பம் நான்கு மடங்கு. மற்ற இரண்டில் மாற்றமே இல்லை. காயில் கட்டும் நண்பர்களுக்கு இது புதிதல்ல. கவரைக் கழற்றியதும் இரண்டு பேஸ் கருகி ஒன்று பளபளவென்று இருக்கும். அல்லது ஒன்று மட்டும் கருகி இரண்டு நன்றாக இருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அது ஓவர்லோடு. இப்படி ஒருபக்கமாகக் கருகியிருந்தால் அது சிங்கிள் பேஸிங், எதிர்வரிசையின் வேலை.

“ஓவர்லோடு ரிலே இருந்ததே, ஏன் விழவில்லை?” எல்லாரும் கேட்கும் கேள்வி இது. டெல்டா மோட்டார் 60 சதவீத லோடில் 6 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது என்று வையுங்கள். ஒரு பேஸ் போனதும் அது 10.4 ஆகிறது. ரிலே 10-க்கு வைக்கப்பட்டது. 10.4-க்கு ஒரு சாதாரண வெப்ப ரிலே விழாமல் நெடுநேரம் நிற்கும். உள்ளே அந்த ஒரு காயிலோ தன் முழு லோடு அளவைவிட 20 சதவீதம் கூடுதலாகவும், 44 சதவீதம் கூடுதல் வெப்பத்தோடும் வெந்துகொண்டிருக்கிறது. ரோட்டரின் கூடுதல் சூடு தனி. கம்பியில் ஆம்பியரைப் பார்க்கும் ரிலேக்கு இது தெரியாது. எதிர்வரிசையைப் பார்க்கும் ரிலேக்கு? லோடு பாதியோ முழுசோ, ஒரு பேஸ் போனால் எதிர்வரிசையும் நேர்வரிசையும் சமம். 100 சதவீதம். மறைக்கவே முடியாத அடையாளம் அது.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இருமுனையில் கண்டென்சர் வைத்து மோட்டார் ஓட்டும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. கண்டென்சர் செய்வது என்ன? மூன்றாவது முனைக்குக் கோணம் தள்ளிய ஒரு ஓட்டத்தைக் கொடுத்து எதிர்வரிசையைக் குறைக்கிறது. ஆனால் அந்தக் குறைப்பு ஒரு குறிப்பிட்ட லோடுக்கு மட்டுமே சரியாக அமையும். கிணற்றில் தண்ணீர் மட்டம் மாறினால், லோடு மாறினால், எதிர்வரிசை மறுபடி தலைதூக்குகிறது.

இந்த முறையைக் கையாளும்போது எங்கே தடுக்கி விழுவோம்? மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோணம் இல்லாமல் ஆம்பியர் மட்டும் வைத்துக்கொண்டு நியூட்ரல் உள்ள லைனில் வரிசைகளைப் பிரிக்க முடியாது. நம் தெருக் கணக்கில் நேர்வரிசையும் சராசரியும் 40 ஆக ஒத்துப்போனது, மூன்று அம்புகளும் சரியாக 120 பாகையில் நின்றதால்தான். பவர் ஃபாக்டர் மாறுபட்டால் ஒத்துப்போகாது.

ரிலே பொருத்தும் இடத்தில் வேறொரு வலை. லோடு சமமாக இருக்கிறது. ஆனால் ரிலே நேர்வரிசை சுழி, எதிர்வரிசை முழுவதும் என்று காட்டுகிறதா? லைனில் கோளாறு இல்லை. இரண்டு பேஸ் இடம் மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. நேர்வரிசை மூன்றில் ஒரு பங்கு, எதிர்வரிசையும் சுழிவரிசையும் ஒவ்வொன்றும் மூன்றில் இரு பங்கு என்று காட்டுகிறதா? ஒரு பேஸின் கரண்ட் டிரான்ஸ்பார்மர் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. மூன்று கம்பிகளிலும் ஆம்பியர் சமமாகத்தான் தெரியும். வரிசைகளைப் பார்த்தால்தான் பிழை வெளியே வரும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸ் அலைக்கு மட்டுமான கணக்கு. எல்இடி விளக்கும் கம்ப்யூட்டரும் உண்டாக்கும் 150 ஹெர்ட்ஸ் ஓட்டம், லோடு மூன்று பேஸிலும் சமமாகவே இருந்தாலும், சுழிவரிசை போலவே நடந்து நியூட்ரலில் குவியும். நியூட்ரல் சுடுகிறது, பேஸ்கள் மூன்றும் சமம் என்றால் கணக்கு பொய்த்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதிர்வெண்ணைப் பாருங்கள்.

கடைசியாக, பம்ப்செட் வைத்திருப்போரிடமும் அவர்களுக்கு வேலை செய்து கொடுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். வோல்டேஜை மட்டும் பார்க்கும் பிரிவெண்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். பிரிவெண்டருக்குப் பின்னால் பியூஸ் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. முன்னால் போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அறுந்த முனையில் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கி அதை ஏமாற்றிவிடும். மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வைப் பார்க்கும் பிரிவெண்டரை வாங்கிப் பொருத்துங்கள். பொருத்தியபின், மோட்டாரை நிறுத்தி ஒரு பேஸ் பியூஸைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். சில நொடிகளில் அது மோட்டாரைத் துண்டிக்கிறதா என்று கண்ணால் பார்த்தபின் பியூஸைத் திரும்பப் போடுங்கள்.